தலைப்பில்லாத காணொளியில் பிள்ளை பாடும் பாட்டு: அசலைத் தேடிப் பிடிக்கும் வழி

வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் காணொளி வகை ஒன்று உண்டு. பாட்டுப் போட்டி மேடையில் ஒரு பிள்ளை பாடுகிறது. நடுவர்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். 40 விநாடியில் முடிந்துவிடுகிறது. பாட்டின் பெயர் எங்கும் இல்லை. பார்த்தவர்கள் கைகூப்பும் சின்னங்களை அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டொருவர் மட்டும், “இது எந்தப் பாட்டு? யார் பாடியது?” என்று கேட்பார்கள். அதற்கு மூன்று பதில்கள் வரும். மூன்றும் வேறு வேறாக இருக்கும்.

பிடோக் வட்டாரக் குடும்பங்களில் இந்தக் கேள்விக்கு ஒரு நடைமுறைத் தேவையும் இருக்கிறது. சமூக மன்றத்தில் தீபாவளி அல்லது பொங்கல் நிகழ்ச்சி என்றால், பேத்தி அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று பாட்டிக்கு ஆசை. ஏற்பாட்டாளர்கள் தரும் படிவத்தில் பாடல், படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று கட்டங்கள் இருக்கும். சிங்கப்பூரில் பாடல்களைப் பொது மேடையில் பாடுவதற்கான உரிமத்தை, இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் ‘காம்பஸ்’ அமைப்பு வழங்குகிறது. அதனால் அந்தக் கட்டங்கள் சும்மா வைக்கப்பட்டவை அல்ல. “சூப்பர் சிங்கரில் ஒரு பாப்பா பாடிய பாட்டு” என்று எழுதி அனுப்ப முடியாது. கரோக்கி இசை வாங்குவதற்கும் சரியான பெயர் வேண்டும்.

உண்மையில் பரவிய ஒரு காணொளியை எடுத்துக்கொள்வோம். 2015 பிப்ரவரியில் விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ நான்காம் பருவ இறுதிச் சுற்று நடந்தது. கனடாவில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பத்துச் சிறுமி ஒருவர் அதில் பாடி இரண்டாம் இடம் பெற்றார். நாட்டைப் பிரிந்து போகிறவர்களின் துயரத்தைச் சொல்லும் பாட்டு அது. டொரோண்டோ முதல் யாழ்ப்பாணம்வரை அந்தக் காணொளி சுற்றியது. துண்டு துண்டாக வெட்டி அனுப்பப்பட்டதால், அது எந்தப் பாட்டு என்ற தகவல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. முதன்முறை கேட்பவருக்கு அது ஈழப் போராட்டக் காலத்தில் எழுதப்பட்ட இயக்கப் பாடலாகத் தோன்றினால் வியப்பில்லை. பாடிய பிள்ளையின் பின்னணியும் பாட்டின் பொருளும் அப்படித்தான் நினைக்கத் தூண்டும். ஆனால் அது இயக்கப் பாடல் அல்ல. அதைத் தேடிப் பிடிக்கும் வழியில்தான் மற்றப் பாட்டுகளுக்கும் உதவக்கூடிய எல்லாப் பாடங்களும் இருக்கின்றன.

முதலில் பலரும் செய்வது, ‘ஷஸாம்’ போன்ற செயலியைத் திறந்து கைப்பேசியை அருகில் பிடிப்பது. பிள்ளைகள் மேடையில் பாடும் பாட்டுக்கு இது பெரும்பாலும் கைகொடுக்காது. காரணம் எளிது. அந்தச் செயலி பாட்டை அடையாளம் காண்பதில்லை, ஓர் ஒலிப்பதிவைத்தான் அடையாளம் காண்கிறது. ஒவ்வொரு ஒலிப்பதிவிலும் எந்த நொடியில் எந்த அலைவரிசை ஓங்கி ஒலிக்கிறது என்பதைக் கைரேகைபோல் எடுத்து வைத்திருக்கும். அசல் பதிவையே ஒலிக்கவிட்டால் சில விநாடியில் சொல்லிவிடும். அதே பாட்டை வேறு குரலில், வேறு வாத்தியக் குழுவோடு, வேறு சுருதியில் பாடினால் கைரேகை பொருந்தாது. ஏதாவது பதில் வந்தாலும் எச்சரிக்கை தேவை. பின்னணியில் விற்பனைக்குள்ள கரோக்கி இசை ஓடியிருந்தால் அந்தக் கரோக்கித் தொகுப்பின் பெயர்தான் வரும்.

இதைவிடப் பயன்படுவது, மெட்டை வாயால் முணுமுணுத்துத் தேடும் வசதி. கூகல் தேடல் செயலியில் 2020 முதல் இது இருக்கிறது. பத்துப் பதினைந்து விநாடி ராகம் இழுத்தால் போதும். அது மெட்டின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது, குரலையோ சுருதியையோ அல்ல. காணொளியை ஒலிக்கவிடாமல் நீங்களே சொற்களை விட்டுவிட்டு “ன ன ன” என்று இழுப்பது நல்லது. கைதட்டலும் நடுவரின் “ஆகா”வும் கலந்தால் மெட்டு கெட்டுவிடும். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மெட்டு ஒன்றே என்றால் மொழிமாற்றப் பதிவும் பதிலாக வரலாம். நம் பாட்டு இடம்பெற்ற படம் தெலுங்கில் ‘அம்ருதா’ என்ற பெயரில் வெளியானது, பாட்டுகளும் அதே மெட்டில் தெலுங்குச் சொற்களோடு வந்தன. தேடலில் தெலுங்குப் பெயர் வந்துவிட்டால், சிறுமி ஒரு தெலுங்குப் பாட்டின் தமிழ் வடிவத்தைப் பாடியிருக்கிறார் என்று தலைகீழாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. படம் எந்த மொழியில் எடுக்கப்பட்டது என்று பார்த்தால் குழப்பம் தீரும். எடுத்தது தமிழில், தெலுங்குக்குப் போனது பிறகு.

கருவி கைவிடும்போது சொற்கள்தாம் துணை. காணொளியைக் காதொலிப்பானில் போட்டு, கேட்கிற சொற்களைத் தாளில் எழுதுங்கள். பொருள் தேட வேண்டாம், கேட்ட ஒலியை அப்படியே எழுதினால் போதும். பிள்ளைகள் ழகரத்தை யகரமாகவும் ளகரமாகவும் சொல்வார்கள். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் வல்லின மெல்லினத்தை மாற்றுவார்கள். ஆகவே ஐயமான சொல்லுக்கு இரண்டு வடிவங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சொல்லை வைத்துத் தேடுவது என்பதில்தான் நேரம் மிச்சமாகும். நம் காணொளியில் தெளிவாகக் கேட்கும் முதற்சொற்கள் “விடை கொடு”. இதை மட்டும் தட்டினால் கேள்வி-பதில் பக்கங்கள் வந்து குவியும். தமிழில் ‘விடை’ என்றால் பிரியாவிடையும்தான், தேர்வுத் தாளின் பதிலும்தான். அடுத்த இரண்டு சொற்களையும் சேர்த்து, “விடை கொடு எங்கள் நாடே” என்று முழுச்சொற்றொடராகத் தேடினால் வேறு எதுவும் குறுக்கே வராது. ஆங்கில எழுத்திலும் ஒருமுறை தேடுங்கள். பாடல் நிறுவனங்கள் தமிழ்ப் பாட்டுப் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் பெரும்பாலும் பதிவேற்றுகின்றன. அதில் எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதம் என்பதால் இரண்டு மூன்று வடிவங்களைத் தட்ட வேண்டியிருக்கும்:

```
vidai kodu engal nade
vidai kodu engal naade
vidai kodu engal naadae
```

காதல், கண், நிலா, வானம், உயிர் போன்ற சொற்களால் தேடுவது வீண். ஆயிரம் பாட்டில் அவை இருக்கின்றன. ஓர் ஊர்ப்பெயர், ஒரு பறவை, வழக்கில் அருகிப்போன ஒரு வினைச்சொல், இப்படி ஏதாவது கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவை பெரும்பாலும் சரணத்தில்தான் இருக்கும், பல்லவியில் அல்ல.

சொற்களே பிடிபடாவிட்டால், காணொளியின் மூலத்தைத் தேடலாம். தொலைக்காட்சிப் போட்டிகளில் பாட்டு தொடங்கும்போது படப்பெயரும் பாட்டின் பெயரும் திரையின் கீழே சில விநாடிகள் ஓடுவது வழக்கம். வெட்டி அனுப்புகிறவர்கள் உருக்கமான இடத்திலிருந்து தொடங்குவதால் அந்தப் பட்டை போய்விடுகிறது. மூலையில் உள்ள ஒளிவழிச் சின்னம், மேடையில் எழுதியுள்ள நிகழ்ச்சிப் பெயர், நடுவர் இருக்கையில் யார் என்பவற்றை வைத்து முழுக் காணொளியைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. பாடி முடித்தபின் நடுவர்கள் பேசும் பகுதியையும் விடாமல் கேளுங்கள். முதலில் பாடியவர் பெயரை அவர்கள் சொல்லாமல் விடுவது அரிது.

“விடை கொடு எங்கள் நாடே” பாட்டைக் கண்டுபிடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். படம் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’, இயக்கம் மணிரத்னம், வெளியானது 2002. இசை ஏ.ஆர்.ரகுமான், வரிகள் வைரமுத்து. சென்னையில் தத்தெடுக்கப்பட்டு வளரும் சிறுமி, தன்னைப் பெற்ற தாயைத் தேடி இலங்கைக்குப் போகும் கதை அது. போர்ப் பகுதியிலிருந்து மக்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் காட்சியில் இந்தப் பாட்டு வருகிறது. ஆக, இயக்கப் பாடல் என்ற எண்ணம் தவறு. ஆனால் அப்படி நினைத்தவர்களின் மனம் தவறான இடத்துக்குப் போகவில்லை.

அடுத்த கேள்வியில்தான் பலரும் தடுக்கி விழுவார்கள்: பாடியது யார்? பாட்டை ஒலிக்கவிட்டால் முதலில் கேட்பது முதிர்ந்த, கரகரத்த ஓர் ஆண் குரல். அது மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன். அவரை இசையமைப்பாளராக மட்டுமே அறிந்தவர்கள், அவர் பெயரைப் பட்டியலில் பார்த்ததும் இது அவர் இசையமைத்த பழைய பாட்டு என்று முடிவுசெய்துவிடலாம். இங்கே அவர் பாடகர் மட்டுமே. அவரோடு பல்ராம், ஃபெபி மணி, ஏ.ஆர்.ரெஹானா, மாணிக்க விநாயகம் ஆகியோரும் பாடியிருக்கிறார்கள். இசைச் செயலிகளில் கலைஞர் என்ற இடத்தில் ரகுமான் பெயர் வரும், ஏனெனில் அவை இசையமைப்பாளரையும் பாடகரையும் ஒரே வரிசையில் போடுகின்றன. முதலில் உள்ள பெயர்தான் பாடகர் என்று எடுத்துக்கொண்டால் தவறிவிடும். பழைய ஒலிநாடா, குறுந்தட்டு உறைகளில் பாட்டு வாரியாகப் பாடகர் பெயர் இருக்கும். சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கிய பழைய உறைகளை வீட்டில் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். இசைச் செயலியைவிட அவற்றை நான் அதிகம் நம்புகிறேன்.

ஆண்டைக் குறிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். பழைய பாட்டு ஒன்று ஏதோ ‘பொன்னான பாடல்கள்’ தொகுப்பில் இடம்பெற்றிருந்தால், செயலி காட்டுவது அந்தத் தொகுப்பு வெளிவந்த ஆண்டை. யூடியூப் காட்டுவது பதிவேற்றிய நாளை. இரண்டுமே பாட்டின் வயதாகா. படம் வெளியான ஆண்டைத் தனியாகப் பாருங்கள்.

இதே படத்தில் பிள்ளைகள் விரும்பிப் பாடும் இன்னொரு பாட்டு இருக்கிறது, அதன் சிக்கல் வேறு மாதிரியானது. “ஒரு தெய்வம் தந்த பூவே” என்று எல்லாரும் சொல்லும் பாட்டு. அந்தப் பெயரில்தான் வைரமுத்துவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் இசைத்தொகுப்பின் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம், ஏனெனில் அங்கே பாட்டின் பெயர் படத்தின் பெயரேதான்: ‘கன்னத்தில் முத்தமிட்டால்’. அதுவும் இரண்டு தடவை இருக்கும். ஒன்றில் சின்மயி முன்னின்று பாடுகிறார், மற்றொன்றில் பி.ஜெயச்சந்திரன். மெட்டு ஒன்று, பதிவுகள் இரண்டு. பிள்ளை எதைக் கற்றுக்கொண்டு வந்து பாடியது என்று அறிய இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். பல்லவியை ஒப்பிடுவதில் பயனில்லை. தொடக்கம் எப்படி அமைகிறது, இடையிசைக்குப் பிறகு சரணம் எந்தச் சொற்களில் தொடங்குகிறது என்ற இரண்டு இடங்களைப் பாருங்கள். பிள்ளையின் குரல் பெண்குரல் என்பதால் சின்மயி பதிவுதான் என்று முடிவுகட்ட வேண்டாம்.

போட்டி மேடையில் சுருதி மாறுவது இயல்பு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆண் பாடிய பாட்டைச் சிறுமி பாடும்போது வாத்தியக் குழு அவளுக்கேற்பச் சுருதியை மாற்றிக்கொள்ளும். போதாததற்கு, உரிமைத் தடையில் சிக்காமல் இருக்கச் சிலர் காணொளியின் வேகத்தையே கொஞ்சம் கூட்டிப் பதிவேற்றுவார்கள். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும், குரலும் இன்னும் மழலையாகக் கேட்கும். நடுவரின் பேச்சு வழக்கத்தைவிடப் படபடவென்று இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. யூடியூபில் வேகத்தைக் குறைக்கும் வசதி சுருதியை மாற்றாது. அதனால் குரலை வைத்து அசலோடு ஒப்பிட வேண்டாம். சொற்களையும் மெட்டையும் ஒப்பிடுங்கள்.

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ என்று தேடுகிறவருக்கு எதிர்பாராத மூன்றாவது பதிலும் வரும். அது பாரதியார். “சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா” என்று தொடங்கும் அவருடைய பாட்டில் இந்தச் சொற்கள் இருக்கின்றன, மணிரத்னம் படத்துக்குப் பெயர் வந்ததும் அங்கிருந்துதான். பிள்ளை பாடியது பாரதி பாட்டு என்றால் ‘அசல்’ என்ற சொல்லே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. வரிகள் 1921இல் மறைந்த பாரதியாருடையவை. இன்று பலர் காதில் இருக்கும் மெட்டோ, 1951இல் வந்த ‘மணமகள்’ படத்தில் சி.ஆர்.சுப்பராமன் இசையில் எம்.எல்.வசந்தகுமாரி பாடிப் புகழ்பெற்ற ராகமாலிகை. படிவத்தில் பாரதியார் பெயரை மட்டும் எழுதினால் மெட்டுக்கு உரியவர் விடுபட்டுவிடுவார். படப்பெயரை மட்டும் எழுதினால் பாரதியார் விடுபட்டுவிடுவார். இரண்டையும் எழுத வேண்டும். கர்நாடக சங்கீத ஆசிரியரிடம் வேறு மெட்டில் கற்ற பிள்ளையென்றால் படத்தின் பெயரே வரக்கூடாது.

சொற்கள் ஒன்றாக இருந்தும் பாட்டு வேறாக இருக்கும் இடங்கள் தமிழ்த் திரையிசையில் ஏராளம். “கண்ணான கண்ணே” என்று தேடினால் குறைந்தது இரண்டு பாட்டுகள் வரும். 2015இன் ‘நானும் ரௌடிதான்’ படத்தில் அனிருத் இசையில் ஷான் ரோல்டன் பாடியது ஒன்று. 2019இன் ‘விஸ்வாசம்’ படத்தில் டி.இமான் இசையில், தாமரை வரிகளில் சித் ஸ்ரீராம் பாடியது மற்றொன்று. தந்தை-மகள் பாட்டு என்பதால் சிறுமிகள் மேடையில் பாடுவது பெரும்பாலும் இரண்டாவது. இருந்தாலும் ஒரு வரியாவது கூடுதலாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். “தொட்டால் பூ மலரும்” இன்னும் வினோதமானது. 1964இன் ‘படகோட்டி’யில் விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடினார்கள், வரிகள் வாலி. 2004இல் ‘நியூ’ படத்தில் அதே வாலியின் வரிகள் ரகுமானின் புதிய மெட்டில் மீண்டும் வந்தன. தாத்தாவும் பேரனும் ஆளுக்கொரு படத்தைச் சொன்னால் இருவரும் சரியே. மேடையில் ஒலித்த மெட்டு எது என்பதுதான் தீர்ப்பு.

எது முந்தியது என்ற சண்டை சிங்கப்பூருக்கே வந்ததும் உண்டு. 1986 தேசிய தினத்துக்காக ஹியூ ஹாரிசன் எழுதிய ‘கவுண்ட் ஆன் மீ, சிங்கப்பூர்’ பாட்டு நம் எல்லாருக்கும் மனப்பாடம். 2021 மார்ச்சில், கிட்டத்தட்ட அதே வரிகளில், சிங்கப்பூர் என்ற இடத்தில் இந்தியா என்று வரும் ‘வீ கேன் அச்சீவ்’ என்ற பாட்டு இந்தியாவில் பாடப்படும் காணொளிகள் இங்கே பரவின. மும்பையைச் சேர்ந்த ஓர் இசையமைப்பாளர், 1983இலேயே தாம் அதை எழுதிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததாகவும், அசல் பதிவுகள் 2005 மும்பை வெள்ளத்தில் போய்விட்டதாகவும் சொன்னார். ஹாரிசன் மறுத்தார். காப்புரிமை தன்னிடம் உள்ளது என்று கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சு தெரிவித்து, ஆதாரம் கேட்டது. உரிமை கோரியவரிடம் காட்ட எதுவும் இல்லை. அவர் கோரிக்கையை மீட்டுக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். எந்தக் காணொளி முதலில் கண்ணில் பட்டது என்பதோ, யாருக்கு எந்த ஆண்டு நினைவிருக்கிறது என்பதோ அங்கே எடுபடவில்லை. தேதியோடு கூடிய ஒலிபரப்பு, அச்சிட்ட தாள், வெளியிட்ட ஒலிநாடா, இவற்றில் ஒன்று இருந்தால்தான் ‘அசல்’ என்று சொல்ல முடியும்.

உள்ளூர்ப் பாட்டுகளைத் தேடும்போது திரைப்பாடல் பட்டியல்கள் உதவமாட்டா. எஸ்.ஜேசுதாசன் 1960களில் தந்த “முன்னேறு வாலிபா” எந்தப் படத்திலும் இல்லை. ஒரு பிள்ளை அதைப் பாடிய காணொளி தமிழ்நாட்டில் உள்ளவருக்குக் கிடைத்தால், படப்பெயரைத் தேடியே களைத்துப்போவார். இத்தகைய பாட்டுகளுக்குத் தேசிய நூலக வாரியத்தின் உள்ளூர் இசைச் சேகரிப்பையும் தேசிய ஆவணக் காப்பகத்தையும் நாடுவதுதான் வழி. பிடோக் நூலகத்தில் கேட்டாலே எங்கே தேடலாம் என்று சொல்வார்கள். பழைய திரைப்பாட்டு என்றால், ஒலி 96.8 நிகழ்ச்சிகளை வருடக்கணக்காகக் கேட்டுவரும் ஒரு மூத்தவரிடம் இரண்டு அடி பாடிக் காட்டுவது பல சமயம் எல்லாத் தேடலையும் விட விரைவு. அவர் சொல்லும் படப்பெயரை வாங்கிக்கொண்டு, பாட்டை ஒருமுறை ஒலிக்கவிட்டுச் சரிபாருங்கள். படப்பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள் ஆண்டைத் தவறவிடுவது உண்டு.

இரண்டு மூன்று பாட்டுகளைத் துண்டுகளாகக் கோத்துப் பாடும் காணொளிகளுக்கு ஒரே பெயர் தேட வேண்டாம். மெட்டு மாறும் விநாடியைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனிப் பாட்டாகத் தேடிப் பிடித்து, படிவத்தில் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

கனடாச் சிறுமியின் பாட்டைப் பேத்தி பாடப் போகிறாள் என்றால், படிவத்தில் எழுத வேண்டியது இது: பாடல், விடை கொடு எங்கள் நாடே. படம், கன்னத்தில் முத்தமிட்டால், 2002. இசை, ஏ.ஆர்.ரகுமான். வரிகள், வைரமுத்து. முதலில் பாடியவர்கள், எம்.எஸ்.விஸ்வநாதன், பல்ராம், ஃபெபி மணி, ஏ.ஆர்.ரெஹானா, மாணிக்க விநாயகம். கரோக்கி வாங்கும்போது ஆண்குரல் சுருதியில் உள்ளதை அப்படியே எடுத்துவிடாமல், பேத்தியை ஒருமுறை பாடச் சொல்லி எத்தனை கட்டை ஏற்ற வேண்டும் என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.